பிள்ளை பார்க்கப் போனால் முதல் பேச்சு என்ன?

மொரப்பூர் ரயிலடி:
சித்தப்பா மகனுக்குப் பெண் குழந்தை. அவன் மனைவி பாலக்கோட்டில் அம்மா வீட்டில் இருக்கிறாள், ஞாயிறு போகிறோம். "என்ன குழந்தை, சுகப்பிரசவமா" என்று ஆரம்பிக்காதீர்கள் என்கிறாள் என் மனைவி. வாழ்த்துச் சொன்ன பிறகு வேறு என்னதான் பேசுவது?

ஊத்தங்கரை அத்தை:
இதில் என்ன தப்பு? பெற்றவள் நல்லபடியாக இருக்கிறாளா என்ற அக்கறையில் கேட்பதுதானே? எங்கள் அம்மா காலத்திலிருந்து அப்படித்தான் கேட்கிறோம். இப்போது எதைக் கேட்டாலும் மனசு நோகிறது என்கிறார்கள்.

அரூர் நர்சம்மா:
அத்தை, பிரசவ வார்டில் பல வருஷம் இருந்தவள் சொல்கிறேன். கேள்வியை விட, பதில் வந்த பிறகு விழும் வார்த்தைதான் குத்தும். "ஆபரேஷன்" என்றதும் "அய்யோ, பாவம்" என்பார்கள். "பொண்ணு" என்றதும் "பரவாயில்ல, அடுத்தது பையன்" என்பார்கள். நம் பக்கம் இந்தப் "பரவாயில்ல" சாதாரணப் பேச்சு இல்லை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் தருமபுரிக்கும் வந்தது நம் வயசுக்காரர்களுக்குத் தெரியும். கிருஷ்ணகிரி அப்போது நம்மோடுதான் இருந்தது. பெண் பிள்ளையைப் பெற்றவள், வருகிறவர் முகத்தைத்தான் முதலில் பார்ப்பாள்.

தம்பி, தொட்டில் பக்கம் போகுமுன் அவளிடம் போங்கள். ஆபரேஷன் ஆகியிருந்தால் எழுந்து உட்காரும்போது தையல் இழுக்கும். மரியாதைக்காக அவள் எழப் பார்ப்பாள். "நீ படும்மா" என்று நீங்களே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். "மகாலட்சுமி வந்துட்டா, ரொம்ப சந்தோஷம். நீ எப்படி இருக்க? ராத்திரி தூங்க விடறாளா?" இவ்வளவு போதும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் கேட்கிற குழந்தை. யார் எழுந்தார், யார் குறட்டை விட்டார் என்று அவளே ஆரம்பித்துவிடுவாள். நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் சரி.

ஓசூர் ஷிப்ட்காரன்:
எதற்கு இத்தனை பேச்சு? வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பிவிட்டு மூன்று மாசம் கழித்துப் போங்கள். பச்சைக் குழந்தைக்குத் தொற்று ஒட்டும். போனாலும் ரெண்டு நிமிஷத்தில் கிளம்பிவிட வேண்டும்.

அரூர் நர்சம்மா:
தொற்று விஷயம் சரிதான். சளி, காய்ச்சல் இருப்பவர் போகவே கூடாது. மற்றவர்கள் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுப் பார்க்கலாம், முத்தம் மட்டும் வேண்டாம். ஆனால் பெரியப்பா வீட்டார் ரெண்டு நிமிஷத்தில் கிளம்பினால், பெண் பிறந்ததில் வருத்தமோ என்று அந்த வீடு நினைக்கும். அரை மணி இருங்கள். அவள் பால் கொடுக்க வேண்டி வந்தால் ஆண்கள் வாசல் பக்கம் வந்துவிடுங்கள்.

காவேரிப்பட்டணம் புது மாப்பிள்ளை:
புதுத் தம்பதியிடம் என்ன பேசுவது என்றுதானே கேட்கிறீர்கள்? எங்களுக்குக் கல்யாணமாகி நாலு மாசம். போகிற வீட்டிலெல்லாம் "ஏதாவது விசேஷம் உண்டா?" என்கிறார்கள். என் மனைவி இப்போது விருந்துக்கே வருவதில்லை. ஒரே ஒரு மாமா மட்டும் "மாப்பிள்ள, சமையல் யாரு? குழம்பு யாரோடது நல்லாருக்கும்?" என்றார். அன்றைக்குத்தான் நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து பேசினோம்.

மொரப்பூர் ரயிலடி:
நான் கேட்டது குழந்தை வீடு, தம்பி. ஆனாலும் அந்தக் குழம்புக் கேள்வி நல்லா இருக்கு.

அரூர் நர்சம்மா:
அதையே உங்கள் தம்பியிடம் திருப்பிக் கேட்கலாம். மாமனார் வீட்டில் மாப்பிள்ளை ஓரமாகத்தான் நிற்பான். எல்லாரும் கை குலுக்கிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். "முதல்ல தூக்குனப்ப கை நடுங்குச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். பெயர் விஷயம் மட்டும் பார்த்துப் பேசுங்கள். "என்ன பேர் யோசிச்சீங்க" என்பது நல்ல பேச்சுதான், ஆனால் குலதெய்வப் பெயரா புதுப் பெயரா என்று ரெண்டு வீட்டுக்கும் இழுபறி இருந்தால் அந்தக் கூடத்திலேயே வெடிக்கும்.

ஊத்தங்கரை அத்தை:
யார் ஜாடை என்றாவது கேட்கலாமா? இல்லை, அதுவும் கூடாதா?

அரூர் நர்சம்மா:
கேளுங்கள் அத்தை, சிரிப்பார்கள். "நிறம் மட்டும் அப்பன் மாதிரி" என்று போகாமல் இருந்தால் சரி. இன்னொன்று, தேனையோ சர்க்கரைத் தண்ணியையோ தொட்டு வைக்காதீர்கள். ஆறு மாசம் தாய்ப்பால்தான்.

ஊத்தங்கரை அத்தை:
சேனை வைத்துத்தான் நாலு பிள்ளை வளர்த்தேன், அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாற்காலி இழுத்துப் போடுவது மட்டும் சரி.

மொரப்பூர் ரயிலடி:
ஞாயிறு காலை பத்து மணி வண்டிக்குக் கிளம்புகிறோம். கையில் பழம் எடுத்துக்கொள்கிறோம், தேன் பாட்டிலைப் பையிலிருந்து எடுத்து வைத்தாயிற்று.