லாபப் பங்கை ஆண்டுச் சம்பள விகிதத்தில் பிரிப்பது சரிதானா?

கதிர்
எங்கள் கம்பெனி சின்னது, மொத்தம் ஆறே பேர். இந்த வருட லாபத்தில் 6 லட்சத்தை ஊழியர்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். அவரவர் ஆண்டுச் சம்பளத்தின் விகிதத்தில் பிரித்துக் கொடு என்று கணக்கு என் தலையில் விழுந்திருக்கிறது. மேனேஜருக்கு 18 லட்சம், இன்னொருவருக்கு 12, இரண்டு பேருக்கு தலா 6, இரண்டு பேருக்கு தலா 3. அந்த 12 லட்சக்காரர் வருடத்தின் கடைசி 4 மாதம்தான் இருந்தார். அவருக்கு எப்படிப் போடுவது? "ஆளுக்கு ஒரு லட்சம் கொடுத்தால் முடிந்தது" என்று 3 லட்சக்காரர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

மாறன்
இதில் குழம்ப என்ன இருக்கிறது? எல்லாச் சம்பளத்தையும் கூட்டினால் 48. 6ஐ 48ஆல் வகுத்தால் 12.5 சதவீதம். ஆளாளுக்கு ஒன்றரை மாதச் சம்பளம், அவ்வளவுதான். மேனேஜருக்கும் அதே ஒன்றரை மாதம், கடைசி ஆளுக்கும் அதே ஒன்றரை மாதம். இதைவிடச் சமமான முறை உண்டா? சம்பளம் என்பதே ஒருவருடைய வேலைக்கு கம்பெனி போட்ட மதிப்பு. அதை லாபத்துக்கு மட்டும் மாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

வேலு
ஒன்றரை மாதம் என்று சொன்னால் சமமாகத்தான் தெரியும். கையில் வரும் தொகையைச் சொல்லுங்கள். ஒருவருக்கு 2,25,000, இன்னொருவருக்கு 37,500. சம்பளத்தில் ஏற்கனவே ஆறு மடங்கு வித்தியாசம் வைத்தாயிற்று, அதற்கான மதிப்பு மாதாமாதம் போய்விட்டது. லாபம் வந்ததிலும் அதே ஆறு மடங்கா? ஒரே விஷயத்துக்கு இரண்டு தடவை கூலி வாங்குவது இது.

தனபால்
நான் சேல்ஸ். போன வருடம் எங்கள் கம்பெனி விற்பனையில் பாதிக்கு மேல் என் மூலம் வந்தது. சம்பள விகிதத்தில் பிரித்தார்கள், ஆபீஸை விட்டு நகராதவருக்கு என்னைவிட அதிகம் போனது. விற்றவன் எவ்வளவு விற்றான் என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

பேரோல் செல்வி
தனபால் சார், நீங்கள் கேட்பது கமிஷன். அது தனி ஒப்பந்தம், தனி கணக்கு. கதிர் கேட்பது கம்பெனி மொத்தமாக ஜெயித்ததில் எல்லாருக்கும் போகும் பங்கு. இரண்டையும் ஒரே பானையில் போட்டால் இரண்டும் கெடும்.

மாறன், உங்கள் வகுத்தல் சரி, 48தான் தப்பு. அந்த 12 லட்சம் நான்கு மாதம் வேலை பார்த்தவரின் முழு வருட விகிதம். அவர் கைக்கு உண்மையில் போனது 4 லட்சம். வருடத்தில் உண்மையில் கொடுத்த சம்பளத்தைக் கூட்டினால் 18, 4, 6, 6, 3, 3, ஆக 40. 6ஐ 40ஆல் வகுத்தால் 15 சதவீதம். மேனேஜருக்கு 2,70,000, 6 லட்சக்காரர்களுக்கு தலா 90,000, 3 லட்சக்காரர்களுக்கு தலா 45,000, புதியவருக்கு 60,000. கூட்டிப் பாருங்கள், 6 லட்சம் சரியாக வரும். மாறன் கணக்குப்படி புதியவருக்கு 1,50,000 போகும். வருடம் முழுக்க உழைத்தவர்களின் பங்கிலிருந்து 90,000 எடுத்து அவரிடம் கொடுப்பது போல ஆகிவிடும்.

நடுவில் இன்க்ரிமென்ட் வாங்கியவருக்கும் இதே வழிதான். கொடுத்த சம்பளத்தை எடுத்தால் பழைய மாதங்கள் பழைய விகிதத்திலும் புதிய மாதங்கள் புதிய விகிதத்திலும் தானாக விழும், தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம்.

கொடுத்த சம்பளம் B2 முதல் B7 வரை இருந்தால் ஷீட்டில் இது போதும்:

```
=ROUND(B2/SUM(B$2:B$7)*600000,0)
```

சதவீதத்தை முதலில் ரவுண்ட் செய்துவிட்டு அதால் பெருக்காதீர்கள். உங்கள் கணக்கில் 15 என்று அழகாக வந்துவிட்டது. 14.5454 என்று வந்து அதை 14.5 ஆக்கினால் கடைசியில் மொத்தம் உதைக்கும்.

மாறன்
சரி, கொடுத்த சம்பளம்தான் என்று வைத்துக்கொள்வோம். கொள்கை மாறவில்லையே. விகிதம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

இளவரசி
"கொடுத்த சம்பளம்" என்று லேசாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். எனக்குப் பிரசவம் ஆன வருடம் மூன்று மாதம் கூடுதலாகச் சம்பளமில்லா விடுப்பில் இருந்தேன். லாபப் பங்கு வந்தபோது என் தொகை சக ஊழியரைவிட கால் பங்கு குறைவு. ஹெச்.ஆரில் கேட்டேன். "ஃபார்முலா மேடம், நாங்கள் ஒன்றும் செய்யவில்லை" என்றார்கள். சம்பளமும் போய், அதைக் காரணம் காட்டிப் பங்கும் போனது.

பேரோல் செல்வி
ஃபார்முலாவை எழுதுவதும் மனிதர்கள்தானே. பிரான்சில் லாபப் பங்குச் சட்டம் இதை யோசித்தே வைத்திருக்கிறது. அங்கே சமமாகப் பிரிக்கலாம், சம்பள விகிதத்தில் பிரிக்கலாம், வேலையில் இருந்த காலத்தை வைத்துப் பிரிக்கலாம், கலந்தும் செய்யலாம். எப்படிப் பிரித்தாலும் மகப்பேறு விடுப்பு வேலையில் இருந்த காலமாகவே எண்ணப்படும். சம்பள விகிதம் என்றால், விடுப்பில் போகாதிருந்தால் என்ன வாங்கியிருப்பாரோ அந்தச் சம்பளத்தை எடுக்க வேண்டும். கதிர், உங்கள் விதியிலும் எந்த விடுப்பு கழியும், எது கழியாது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். பிரச்சினை வந்த பிறகு எழுதினால் யாரோ ஒருவருக்காக எழுதியது போல இருக்கும்.

"சம்பளம்" என்ற தலைப்புக்குள் என்னவெல்லாம் வரும் என்பதும் அப்படித்தான். ஓவர்டைமைச் சேர்த்தால் பெரும்பாலும் கீழ்மட்டத்தில் இருப்பவருக்கு லாபம், மேனேஜருக்கு ஓவர்டைம் ஏது? போன வருட லாபப் பங்கை மட்டும் எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் போன வருடம் இல்லாதவரின் விகிதம் சும்மாவே குறைந்துபோகும்.

வேலு
அக்கா, எல்லாம் சரி. ஆனால் நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. இப்போது 2,70,000, அந்தப் பக்கம் 45,000. அதே ஆறு மடங்கு.

பேரோல் செல்வி
உங்கள் வாதம் நியாயமானதுதான் வேலு, ஆனால் ஆளுக்கு ஒரு லட்சம் என்பது நான்கு மாதக்காரருக்கும் ஒரு லட்சம் என்று போய் நிற்கும். அதை 3 லட்சக்காரர்களே ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

மெக்சிகோவில் நடுவழி ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. ஊழியர்களுக்கான லாபத்தை இரண்டு சம பாதியாக வெட்டுகிறார்கள். ஒரு பாதி வேலை பார்த்த நாட்களை வைத்து, மறு பாதி வாங்கிய சம்பளத்தை வைத்து. கதிரின் கணக்கில் அதைப் போட்டுப் பார்த்தேன். நாட்களுக்கான 3 லட்சத்தில் முழு வருடம் இருந்த ஐந்து பேருக்கும் தலா 56,250, நான்கு மாதக்காரருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு, 18,750. சம்பளத்துக்கான 3 லட்சத்தில் எல்லாருக்கும் 7.5 சதவீதம். இரண்டையும் சேர்த்தால் மேனேஜருக்கு 1,91,250. 6 லட்சக்காரர்களுக்கு தலா 1,01,250. 3 லட்சக்காரர்களுக்கு தலா 78,750. புதியவருக்கு 48,750. ஆறு மடங்கு இரண்டரை மடங்குக்கும் கீழே வந்துவிட்டது.

வேலு
இது பரவாயில்லை. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

மாறன்
மெக்சிகோ எல்லாம் எதற்கு? மேனேஜருக்கு அதிகம் போகிறது என்பதுதான் உறுத்தல் என்றால் உச்சவரம்பு வையுங்கள். 10 லட்சத்துக்கு மேல் எவ்வளவு சம்பளம் இருந்தாலும் கணக்குக்கு 10தான். பல கம்பெனிகள் செய்வதுதான். விகிதமும் காப்பாற்றப்படும், கீழே இருப்பவர்களுக்கும் போகும்.

பேரோல் செல்வி
போகும், ஆனால் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். 18ஐ 10 ஆக்கினால் மொத்தம் 32, விகிதம் 18.75 சதவீதம். மேனேஜருக்கு 1,87,500, அதாவது 82,500 குறைகிறது. அந்த 82,500இல் 3 லட்சக்காரர் இருவருக்கும் சேர்த்து வருவது 22,500தான். 6 லட்சக்காரர்கள் இருவரும் 45,000 எடுத்துக்கொள்கிறார்கள், மீதி 15,000 புதியவருக்கு. மேலே வெட்டியது நடுவில் நின்றுவிடுகிறது. கடைசி ஆளை உயர்த்த வேண்டும் என்பது நோக்கமானால் உச்சவரம்பு சரியான கருவி இல்லை. மேனேஜர் அதிகம் எடுக்கக் கூடாது என்பது மட்டுமே நோக்கமானால் சரி.

மெக்சிகோவைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே இயக்குநர்களுக்கும் பொது மேலாளர்களுக்கும் இந்தப் பங்கே கிடையாது. அவர்கள் சம்பளத்தை அவர்களே தீர்மானிக்கும் இடத்தில் இருந்தால் விகிதத்தையும் அவர்களே தீர்மானித்தது போலத்தான். வருடக் கடைசியில் தன் சம்பளத்தை ஏற்றிக்கொண்டால் மற்ற ஐந்து பேரின் சதவீதம் சத்தமில்லாமல் இறங்கும்.

மாறன்
அதற்காக மேனேஜரைத் தூக்கி வெளியே வைப்பதா? லாபம் வந்ததில் அவர் பங்குதான் அதிகம். இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நல்ல ஆளை அப்படி வைத்திருக்க முடியாது.

தனபால்
அதைத்தான் நானும் சொன்னேன், லாபத்தைக் கொண்டுவந்தவன் யார் என்று பார்க்க வேண்டும் என்று.

கதிர்
எல்லாருக்கும் நன்றி. கொடுத்த சம்பளத்தை வைத்து ஒரு தாள், பாதிப் பாதி முறையில் ஒரு தாள் என்று இரண்டும் தயார். இன்னொரு சந்தேகம். எத்தனை சதவீதம் என்று எல்லாருக்கும் சொல்லிவிடலாமா, இல்லை அவரவர் தொகையை மட்டும் தனித்தனியாகக் கொடுப்பதா?

பேரோல் செல்வி
ஆறு பேர் இருக்கும் இடத்தில் கவனமாக இருங்கள். ஒதுக்கியது 6 லட்சம் என்று எல்லாருக்கும் தெரியும். 15 சதவீதம் என்று சொன்ன அடுத்த நிமிடம் யாராவது 6ஐ 0.15ஆல் வகுத்து மொத்தச் சம்பளம் 40 என்று கண்டுபிடிப்பார்கள். மற்ற ஐந்து பேரும் தங்கள் சம்பளத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டவர்களாக இருந்தால் மேனேஜரின் 18 அங்கேயே வெளியே வந்துவிடும். சதவீதத்தைச் சொல்லாமல் தொகையை மட்டும் கொடுத்தாலும் பயனில்லை, தன் பங்கைத் தன் சம்பளத்தால் வகுத்தால் அதே 15 வரும். மறைக்க முடியாது. மேனேஜரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வேலு
தெரிந்தால்தான் என்ன? தெரியக் கூடாத அளவுக்கு வாங்குகிறாரா?

இளவரசி
அவருக்குத் தெரியவருவது அவர் விஷயம். புதிதாகச் சேர்ந்தவரின் விகிதமும் இதே வழியில் 3 லட்சக்காரர்களுக்குத் தெரியுமே. நான்கு மாதத்தில் அவர் வாங்கியது, இவர்கள் ஒரு வருடத்தில் வாங்கியதைவிட அதிகம். அடுத்த மாதம் யார் முதலில் வேலையை விடப் போகிறார் என்று யோசித்து வையுங்கள், கதிர். பணம் கொடுப்பதற்கு முன்பே விட்டுப் போனால் அவருக்குப் பங்கு உண்டா என்றும் உங்கள் விதியில் ஒன்றும் இல்லையே?

கதிர்
இல்லை. மேனேஜரிடம்தான் கேட்க வேண்டும். தாளில் முதல் வரியில் இருப்பவரும் அவர்தான்.