உதவி: வாடிக்கையாளருக்குப் பழைய விலையுள்ள பிபிடி போய்விட்டது. கோப்புக்கு எப்படிப் பெயர் வைப்பது?

கயல்விழி
எங்கள் விற்பனைக் குழுவில் நான்கு பேர். பம்பு விற்பனைக்கான ஒரே பிபிடியை எல்லோரும் திருத்துகிறோம். போன வாரம் நான் அனுப்பியதில் 11ஆவது ஸ்லைடில் பழைய விலை இருந்தது. வாடிக்கையாளர் இப்போது அந்த விலைக்கே கேட்கிறார். பொது ஃபோல்டரில் இருப்பவை இவை:

```
Pump_Final.pptx
Pump_Final_new.pptx
Pump_Final_new (1).pptx
Pump_Final_USE THIS.pptx
```

கடைசியாகத் திருத்திய தேதிப்படி அடுக்கி, மேலே இருந்ததைத்தான் எடுத்தேன். அது எப்படிப் பழையதாக இருக்க முடியும்?

இளங்கோ
கவலை வேண்டாம். கூகுள் டிரைவில் வைத்திருந்தால் அந்தக் கோப்பின் பழைய பதிப்புகளைத் திரும்ப எடுக்கலாம். பவர்பாயின்ட் கோப்புகளுக்குப் பொதுவாக 30 நாள்தான் கெடு. சீக்கிரம் பாருங்கள்.

கயல்விழி
எதுவும் தொலையவில்லை ஐயா. எல்லாமே இருக்கின்றன. எது சரியானது என்றுதான் தெரியவில்லை.

சரவணன்
பெயரிலேயே தேதியைப் போட்டுவிடுங்கள். Pump_05-04-2025 என்று வைத்தால் குழப்பமே வராது. நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

மீனாட்சி
சரவணன் சொல்வது பாதி வழி. தேதியில் நாள் எண்ணை முன்னால் எழுதினால், பெயர்ப்படி அடுக்கும்போது 05-04-2025 மேலேயும் 28-03-2025 கீழேயும் நிற்கும். கடைசியில் இருப்பதே புதியது என்று எடுப்பவர் மார்ச் மாதக் கோப்பை அனுப்பிவிடுவார். 2025-04-05 என்று ஆண்டை முதலில் எழுதுங்கள். ஒரே நாளில் இரண்டு முறை திருத்தினால் தேதி மட்டும் போதாது, எண்ணும் வேண்டும்.

கயல்விழி, திருத்திய தேதியை நம்பாதீர்கள். யாராவது பழைய கோப்பைத் திறந்து ஒரு எழுத்தை மாற்றினாலும், தானாகச் சேமிக்கும் வசதி அதை மேலே கொண்டுவந்துவிடும். உங்களுக்கும் அதுவே நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் திருத்தும் இடத்தையும் அனுப்பும் இடத்தையும் பிரித்துவிட்டோம். திருத்துவதற்கு ஒரே கோப்புதான். அதன் பெயரில் எண்ணும் இல்லை, தேதியும் இல்லை, அது வெளியே போவதும் இல்லை. அனுப்ப வேண்டிய அன்று ஒருவர் மட்டும் அதைப் பிடிஎஃப் ஆக்கி, அடுத்த எண்ணைக் கொடுத்து, வேறு ஃபோல்டரில் வைப்பார்:

```
1-WORK/pump-deck_WORK.pptx
2-SENT/2025-04-05_pump-deck_v07.pdf
```

அஞ்சலில் இணைப்பதற்கு இரண்டாவது ஃபோல்டரை மட்டுமே திறக்க வேண்டும். அங்கே போன எதையும் திருத்தக் கூடாது. ஓர் எழுத்துப்பிழை என்றாலும் v08தான். Final என்ற சொல்லை அடியோடு விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகும் ஒரு திருத்தம் வரத்தான் செய்யும்.

அன்வர்
நான் அச்சகம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை ப்ரூஃபை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பெண் வீட்டார் ஒன்றையும் மாப்பிள்ளை வீட்டார் வேறொன்றையும் பார்த்துவிட்டுச் “சரி” என்பார்கள். அதனால் ப்ரூஃபின் மூலையிலேயே எண்ணை அச்சிடுகிறேன். “மூலையில் என்ன எண் இருக்கிறது?” என்று கேட்டால் போதும்.

மீனாட்சி
அன்வர் சொன்னதைப் பிபிடியிலும் செய்யுங்கள். கோப்பின் பெயரை யாரும் மாற்றிவிடலாம். Insert > Header & Footer பகுதியில் v07 என்று எழுதி Apply to All கொடுத்தால் ஸ்லைடுகளின் அடியில் வரும். சில லேஅவுட்களில் அடிக்குறிப்புக்கு இடமே இருக்காது. குறிப்பாக விலை ஸ்லைடில் எண் தெரிகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

இன்னொன்று. File > Info பகுதியில் Title என்று ஒன்று உண்டு. வேறொரு வாடிக்கையாளருக்குச் செய்ததை நகலெடுத்து வேலை தொடங்கினால் பழைய தலைப்பு அங்கேயே தங்கி, பிடிஎஃபுக்குள்ளும் போய்விடும். கோப்பின் பெயர் சரியாக இருந்தாலும், பிரவுசரில் திறப்பவருக்கு மேலே முந்தைய வாடிக்கையாளரின் பெயர் தெரியும். எங்களுக்கு ஒரு முறை நடந்தது. அனுப்பும் முன் பிடிஎஃபை பிரவுசரில் ஒரு முறை திறந்து பாருங்கள்.

சரவணன்
கோப்பே வேண்டாம், லிங்க் அனுப்பினால் எப்போதும் புதியதுதானே இருக்கும்?

மீனாட்சி
குழுவுக்குள் சரி. விலை சொல்லும் பிபிடிக்கு அது ஆபத்து. நீங்கள் பாதி திருத்திக்கொண்டிருக்கும்போது அவர் திறந்தால் அந்தப் பாதியைத்தான் பார்ப்பார். நேற்று அவர் எந்த விலையைப் பார்த்தார் என்றும் சொல்ல முடியாது.

கயல்விழி
நீங்கள் நினைத்தது சரி அம்மா. 3ஆவது ஸ்லைடில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தச் சக ஊழியர் பழைய கோப்பைத் திறந்திருக்கிறார். இரண்டு ஃபோல்டர்களையும் இன்று போட்டுவிட்டேன், நாளை முதல் எண் கொடுப்பது என் பொறுப்பு. ஒரு சந்தேகம் மிச்சம். எங்கள் விநியோகஸ்தர் பிடிஎஃபை ஏற்பதில்லை. பிபிடியை வாங்கித் தானே திருத்தித் திருப்பி அனுப்புகிறார். அதற்கு எந்த எண்?

மீனாட்சி
v07-க்குப் பின்னால் அவருக்கென ஓர் எழுத்தைச் சேர்த்து v07-D என்று தனியாக வைக்கிறோம். அதிலிருந்து வேண்டியதை WORK கோப்பில் கையால் சேர்க்கிறோம். இடையில் நாம் v08-க்குப் போய்விட்டால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஸ்லைடு ஸ்லைடாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. இதைவிட நல்ல வழி எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. தெரிந்தவர்கள் எழுதுங்கள்.