அரவை இயந்திரச் செலவு: வருவாய்ச் செலவா, மூலதனச் செலவா?

வணக்கம். மும்பை மாட்டுங்காவில் இட்லி மாவு அரைத்து விற்கும் எங்கள் சிறு தொழிலில், ஏப்ரலில் வாங்கிய அரவை இயந்திரத்தின் விலை 5 லட்சத்தையும் அதை நிறுவ ஆன 1 லட்சத்தையும் கணக்கர் பழுதுபார்ப்புச் செலவாக எழுதியதால், தேய்மானத்துக்கு முன் 9 லட்சமாக இருக்க வேண்டிய லாபம் 3 லட்சமாகிவிட்டது. நிறுவும் செலவும் சொத்தின் அடக்கவிலையில் சேர வேண்டியதே. 15 சதவீதத் தேய்மானமான 90,000 ரூபாயை மட்டும் கழித்தால் லாபம் 8,10,000 ஆகும். (வரி குறைவதில் அவருக்கு மகிழ்ச்சி, வங்கிக் கடன் கேட்கப்போகும் எனக்கு இல்லை.) அடுத்த ஆண்டோ, தேய்மானம் கழிக்க ஏட்டில் சொத்தே இராது என்பதால், குறையும் மதிப்பு முறைப்படி லாபம் 76,500 ரூபாய் மிகையாகத் தெரியும்.

இதுவரை தெளிவு, என் ஐயம் பழைய இயந்திரத்தைப் பற்றியது. எரிந்த மோட்டாருக்குப் பதிலாக அதே திறனுள்ளதைப் பொருத்தியிருந்தால் வருவாய்ச் செலவென்றே கொள்வேன். நாங்களோ 40,000 ரூபாயில் கூடுதலாக அரைக்கும் பெரிய மோட்டாரைப் பொருத்தியிருக்கிறோம். முழுத் தொகையையும் மூலதனமாக்கலாமா, கழற்றிய மோட்டாரின் மீதி மதிப்பை எவ்வாறு நீக்குவது என்பதைக் கணக்கியல் அறிந்தோர் விளக்க வேண்டுகிறேன்.