புதுப்பிப்பு: அப்பாவுக்கு ஆங்கிலம் வருகிறது, தமிழ் வரவில்லை

நான் கேட்டிருந்தது: "பக்கவாதத்துக்குப் பிறகு அப்பா ஆங்கிலத்தில் ஓரளவு பேசுகிறார், தமிழில் திணறுகிறார். எப்படி?"

தாய்மொழிதான் முதலில் திரும்பும் என்று ஒருவர் எழுதியிருந்தார். எல்லோருக்கும் அப்படி இல்லை. அதிகம் புழங்கிய மொழியே முந்தும் என்று 1895-இலேயே பிரெஞ்சு மருத்துவர் பித்ர் சொன்னார். அதற்கும் விதிவிலக்குகள் உண்டு.

பேச்சுப் பயிற்சியாளர் முதலில் அப்பா யாரிடம் எந்த மொழி பேசுவார் என்று விசாரித்தார். அப்புறம் வெவ்வேறு நாட்களில் இரு மொழிச் சோதனை. முன்பு சோதித்த இடத்தில் ஆங்கிலச் சோதனைத் தாளை அப்படியே தமிழில் பெயர்த்து, "பையன் பெண்ணால் தள்ளப்பட்டான்" என்றார்களாம். வீட்டில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? இந்தப் பயிற்சியாளர் "பெண் தள்ளின பையன்" என்றதும் அப்பா சரியான படத்தைக் காட்டினார். பொருட்களின் பெயர் மட்டும் தமிழில் இன்னும் சிக்குகிறது, காரணம் தெரியவில்லை.