பாகப்பிரிவினைப் பத்திரத்தில் பெயர் இருக்கிறது, கையெழுத்து இல்லை: வழக்குப் போடலாமா?

மலர்விழி: அப்பா தன் சுயசம்பாத்திய சொத்தை அண்ணன்கள் இருவருக்கும் செட்டில்மெண்ட் எழுதிவிட்டார். 2023-ல் அவர்கள் பாகம் பிரித்தபோது தங்கையான எனக்கு ஆளுக்கு 5 லட்சம் தருவதாகப் பத்திரத்தில் எழுதினார்கள். பெரியவர் கொடுத்துவிட்டார். சின்னவர் "நீ கையெழுத்துப் போட்டாயா, கேட்க நீ யார்" என்கிறார். நான் வழக்குப் போட முடியுமா?

செந்தில்: தாராளமாகப் போடலாம். 1882, சின்னய்யா வழக்கு, நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட். அம்மா மகளுக்கு நிலத்தை எழுதிவைத்து, என் உடன்பிறப்புக்கு வருஷாவருஷம் பணம் கொடு என்றார். மகள் கொடுக்கவில்லை, கோர்ட் கொடுக்க வைத்தது.

ரஹீம்: அந்த வழக்கு இதற்குப் பொருந்தாது செந்தில். அதில் பணம் கேட்டவருக்கே மகள் தனியாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருந்தார். நிலம் கொடுத்தது வேறொருவர், அந்த ஒப்பந்தம் செல்ல அது போதுமா என்பது மட்டும்தான் கேள்வி. மலர்விழிக்கு யாரும் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. 1969-ல் சுப்ரீம் கோர்ட் சாக்கோ வழக்கில் சொன்னதைப் பாருங்கள்: குடும்பப் பத்திரத்தில் பேங்க் கடனை இன்ன மகன் கட்ட வேண்டும் என்று இருந்தும், பத்திரத்தில் சேராத பேங்க் அதை வைத்துக் கேட்க முடியாது என்றார்கள்.

முருகேசன்: என் கதையும் இதுதான். வீட்டை விற்றபோது லோனை நான் கட்டுகிறேன் என்று வாங்கியவர் விலையில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார். கட்டவில்லை. நோட்டீஸ் எனக்கு வருகிறது! பேங்க் ஏன் அவர் மேல் கேஸ் போடக்கூடாது?

கோமதி (வக்கீல்): முருகேசன் ஐயா, அவர் வாக்குக் கொடுத்தது உங்களுக்கு, பேங்குக்கு அல்ல. 1911-லேயே ஜம்னா தாஸ் வழக்கில் வெள்ளைக்காரர் காலத்து மேல்கோர்ட்டான பிரிவி கவுன்சில் இதையேதான் சொன்னது. அடமானம் வீட்டின் மேல் அப்படியே இருப்பதால் பேங்க் வீட்டைப் பிடிக்கலாம், வாங்கியவர் மேல் வழக்குப் போட வேண்டியது நீங்கள்.

மலர்விழி விஷயம் வேறு. ரஹீம் சொன்ன தீர்ப்பிலேயே குடும்ப ஏற்பாட்டுக்கு விலக்கு உண்டு. அங்கே பேங்க் வெளியாள், யார் கட்டுவது என்று குடும்பத்துக்குள் பேசிக்கொண்டார்கள், அவ்வளவுதான். இங்கே அந்த வரியே தங்கைக்காக எழுதியது. 1910 உசைனி பேகம் வழக்கில் மைனர் பிள்ளைகளின் கல்யாணத்துக்காக இரண்டு அப்பாக்கள் பேசிய ஒப்பந்தம், மருமகளுக்கு மாதம் 500 ரூபாய். அவர் கையெழுத்தே போடவில்லை, ஆனாலும் மாமனாரிடம் வாங்கினார்.

ரஹீம்: அதில் இன்ன சொத்தின் வருமானத்திலிருந்து என்று எழுதியிருந்தது மேடம், அதை விட்டுவிட்டீர்களே. இங்கே வெறும் வாக்குறுதி. அதோடு சொத்தில் தங்கைக்கு முன்பே பாத்தியதை எதுவும் இல்லை.

கோமதி (வக்கீல்): அதை எதிர்த்தரப்பு கட்டாயம் கிளப்பும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாகம் பிரிக்கும்போது குடும்பப் பெண்ணுக்கென்று ஒதுக்கியதை அவளே கேட்கலாம் என்று நம் ஹைகோர்ட் பழைய தீர்ப்புகளிலேயே ஏற்றிருக்கிறது. மலர்விழி, சின்னவர் பாகத்தின் மேல் அந்தத் தொகை பொறுப்பாக, சார்ஜ் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் 12 வருஷம் அவகாசம் கிடைக்கும், இல்லையென்றால் 3 வருஷம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மலர்விழி: பார்த்தேன் மேடம். "பணம் செலுத்தும் வரை மேற்படி சொத்தை விற்கக் கூடாது" என்று மட்டும் இருக்கிறது. இது சார்ஜ் ஆகுமா?

ரஹீம்: ஆகாது. விற்காதே என்பது வேறு, சொத்திலிருந்து வசூலித்துக்கொள் என்பது வேறு.

கோமதி (வக்கீல்): முழுப் பத்திரத்தையும் படிக்காமல் அப்படி அடித்துச் சொல்ல மாட்டேன். எப்படியும் 3 வருஷக் கணக்கையே நம்பி சீக்கிரம் வழக்கைப் போடுங்கள், பெரிய அண்ணனையும் கட்சியாகச் சேருங்கள். வாக்கு வாங்கியவர் அவர், அவருக்குக் கேட்கும் உரிமை இருப்பதில் ரஹீமுக்கே சந்தேகம் இருக்காது.