புதுப்பிப்பு: வரி மீளளிப்பையும் வட்டியையும் பிரிச்சாச்சு

முன்பு நான் கேட்டது: “வரி மீளளிப்பு 195,720 ரூபா வங்கிக்கு வந்திருக்கு. முழுவதையும் வருமானத்தில பதியலாமோ?”

மாங்குளத்தில எங்கட அரிசி ஆலைக் கணக்கைத் திருத்திப்போட்டன். வங்கிக் கூற்றில ஒரே தொகைதான். வரித் திணைக்களக் கடிதத்திலதான் பிரிவு இருந்தது: கூடக் கட்டின வரி 186,400, வட்டி 9,320.

வவுனியாக் கணக்காளர் அக்கா சொன்னபடி வங்கியை 195,720க்கு வரவு வைச்சன். பெறவேண்டிய வரியில 186,400, வட்டி வருமானத்தில 9,320 செலவு வைச்சன். பெறவேண்டிய வரி பூச்சியமாச்சு. முந்தி முழுவதையும் வருமானத்தில போட்டதால பெறவேண்டிய வரிக் கணக்கில 186,400 அப்படியே மீதியா நிண்டது, இலாபமும் அவ்வளவால வீங்கியிருந்தது. பிழையைக் காட்டித் தந்தது அந்த மீதிதான். அக்காவுக்கு மிச்சம் நன்றி.

என்ர கேள்விக்கு “மீளளிப்பு வருமானமே இல்லை” எண்டு பதில் போட்ட தம்பி, அது அசலுக்குச் சரி. வட்டியை வருமான விவரத்திரட்டில காட்டத்தான் வேணும். கிளிநொச்சி அண்ணை, நீங்கள் சொன்னது வற் மீளளிப்பு. அது பெறவேண்டிய வற் கணக்கில போகும், இதோட கலக்காதேங்கோ.

ஒண்டு மட்டும் முடியேல்லை. கடிதத்தில மார்ச் 28, காசு வந்தது ஏப்ரல் 4. எங்கட கணக்காண்டு மார்ச் 31இல முடியுது. வட்டி பழைய ஆண்டுக்கு எண்டு அக்கா சொல்றா, எங்கட கணக்கெழுதுற ஐயா புது ஆண்டுக்கு எண்டுறார்.