புதுப்பிப்பு: சாட்சி சம்மனுக்கு லீவு கிடைத்தது

அன்று கேட்டது: "விபத்து வழக்கில் சாட்சியாக வரச்சொல்லி சம்மன். சம்மனை இணைத்தால் லீவு தருவார்களா?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கோர்ட் ஊழியராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா சொன்னதுதான் பலித்தது. வழக்கு எண், நீதிமன்றம், தேதி மூன்றையும் கடிதத்தில் எழுதி, சம்மனின் நகலை மட்டும் இணைத்தேன். அசலை நானே வைத்துக்கொண்டேன். கோர்ட் வாசலில் ஏட்டு முதலில் கேட்டதே அந்த அசலைத்தான். கடிதம் கொடுத்த அன்றே மேனேஜர் கையெழுத்துப் போட்டார்.

"ஆன் டியூட்டி கொடுத்தே ஆகவேண்டும்" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அவர் அரசு ஊழியர். எங்கள் தனியார் கம்பெனியில் கேஷுவல் லீவாகத்தான் போட்டார்கள். தன் விவாகரத்து வழக்குக்கு லீவு எடுத்ததைப் பதிலில் எழுதிய தம்பி, நீங்கள் வழக்கின் தரப்பு, நான் சாட்சி, இரண்டும் வேறு.

எதிர்பாராதது ஒன்று. மதியம்வரை காத்திருந்தும் எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை, வழக்கு தள்ளிப்போனது. சாட்சி சொல்லாவிட்டாலும் ஆஜரானதற்குச் சான்று வாங்கச் சொல்லியிருந்தார் ஐயா. பெஞ்ச் கிளார்க்கிடம் கேட்டதும் சீல் வைத்துக் கொடுத்தார். அடுத்த தேதியையும் அதிலேயே எழுதச் சொன்னேன். ஹெச்.ஆர். அதை ஏற்றுக்கொண்டது. இரண்டாவது நாளும் கேஷுவலில்தான் போகுமா என்று மட்டும் இன்னும் சொல்லவில்லை.